வலி போன பிறகும் வாரம் தவறாமல் மாத்திரை ஏன்? முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஒரு விளக்கம்

கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, விழுப்புரம் பக்கத்திலிருந்து கோரிமேடு ஜிப்மருக்கோ வீட்டுக்கு அருகிலுள்ள மூட்டுவாத மருத்துவரிடமோ போய்வரும் முடக்குவாத நோயாளிகள் பலருக்கும் ஆறேழு மாதத்தில் ஒரு கேள்வி வரும். "இப்போ வலியே இல்ல டாக்டர், இன்னும் எதுக்கு மாத்திரை?" மருத்துவர் "தொடர்ந்து சாப்பிடுங்க" என்று சொல்லி அடுத்த தேதி எழுதிக் கொடுப்பார். வெளியே நீண்ட வரிசை நிற்கும்போது அவரால் அதற்குமேல் விளக்க முடிவதில்லை. விளக்கம் கிடைக்காத நோயாளி ஒருநாள் தானாகவே மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறார். முதல் ஒரு மாதம் ஒன்றும் ஆவதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த ஒரு மாதம் ஏன் அமைதியாகக் கழிகிறது, அதன் பிறகு மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை இங்கே அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இது தேய்மானம் அல்ல

வயதாகி முழங்கால் தேய்வது வேறு நோய். மருத்துவர் சீட்டில் 'ஆர்.ஏ.' என்று எழுதும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸைத் தமிழில் முடக்குவாதம் என்கிறோம். ஊர்ப்பக்கம் சரவாங்கி என்றும் சொல்வார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் நம் மூட்டையே எதிரியாக எடுத்துக்கொண்டு தாக்குவதால் இது வருகிறது. இருபது, முப்பது வயதிலும் வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

ஒவ்வொரு மூட்டின் உட்புறத்தையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. மூட்டு வழுக்கி அசைவதற்கான திரவத்தைச் சுரப்பதுதான் அதன் வேலை. முடக்குவாதத்தில் எதிர்ப்பு அணுக்கள் இந்தச் சவ்வுக்குள் வந்து குவிகின்றன. சவ்வு தடித்து, ரத்த ஓட்டம் கூடி, திரவம் அதிகமாகச் சுரந்து, மூட்டு பொதபொதவென்று வீங்குகிறது. விரல் கணுக்கள், மணிக்கட்டு, கால்விரல்களின் அடிப்பகுதி ஆகிய சிறு மூட்டுகளில், பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே வரும். காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாத விறைப்பு அரைமணி, ஒருமணி நேரத்துக்கு மேல் நீடிக்கும்.

தடித்த சவ்வு வீங்குவதோடு நிற்பதில்லை. அது குருத்தெலும்பின் மேல் படர்கிறது. எலும்பின் விளிம்பில் குருத்தெலும்பு மூடாத சிறிய பகுதி ஒன்று உண்டு. அந்த இடத்தில் அது எலும்பையே அரிக்கத் தொடங்குகிறது. எக்ஸ்ரேயில் விரல் கணுவின் ஓரம் எலி கடித்ததுபோல் தெரிவது அதனால்தான். வீக்கம் வடியும், வலி போகும். அரித்துப்போன எலும்பு மட்டும் பழைய வடிவத்துக்கு வருவதில்லை.

ஆகவே இந்த நோயில் வலி, உள்ளே நடக்கும் அழற்சி, எலும்புச் சேதம் ஆகிய மூன்றும் வெவ்வேறு வேகத்தில் நகர்பவை. மாத்திரைகள் பற்றிய குழப்பம் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றென்று நினைப்பதால் வருகிறது.

சீட்டில் இருக்கும் மூன்று வகை மாத்திரைகள்

1. வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், எட்டோரிகாக்சிப் போன்றவை. சில மணி நேரத்தில் வலியையும் வீக்கத்தையும் ஓரளவு குறைக்கும். சவ்வு எலும்பை அரிப்பதை இவை தடுப்பதில்லை. வலி இருக்கும்போது மட்டும் போட வேண்டியவை இவை. வலி போனால் தாராளமாக நிறுத்தலாம், நிறுத்துவதே நல்லது.

2. ஸ்டீராய்டு. பெரும்பாலும் பிரெட்னிசோலோன். ஓரிரு நாளில் அதிசயம் போல வேலை செய்யும். அடுத்த வகை மாத்திரைகள் பலன் தரும் வரை, சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை குறைந்த அளவில் கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். பல வாரம் சாப்பிட்டவர் இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடல் தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு அப்போது அடங்கியிருக்கும் என்பதால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு வரலாம்.

3. நோயின் போக்கை மாற்றும் மாத்திரை. மெதோட்ரெக்சேட், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், லெஃப்ளுனோமைட் ஆகியவை. வழிதவறிய எதிர்ப்பு அணுக்களின் வேகத்தைக் குறைத்துச் சவ்வின் தடிப்பை அடக்குபவை இவைதான். எலும்பைக் காப்பாற்றுவதும் இவைதான். சாப்பிட்ட அன்று எதுவும் தெரியாது. பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும்.

மருத்துவர் தொடரச் சொல்வது மூன்றாம் வகையை. நோயாளிகள் பலர் நேர் எதிராகச் செய்கிறார்கள். போட்ட அன்றே சுகம் தரும் முதல் வகையை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒன்றும் செய்யாததுபோல் தோன்றும் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் பெயர் எழுதாமல் சிறு கவரில் போட்டுத் தரும் 'செட்' மாத்திரைகளில் பெரும்பாலும் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும்தான் இருக்கும். அதைச் சாப்பிட்டு வலி போனால் நோய் அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. வலி தெரியாமலே எலும்பு அரிபடுவதற்கு இதைவிட வசதியான வழி கிடையாது.

மெதோட்ரெக்சேட்: மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மருந்து

மூன்றாம் வகையில் முதலில் தொடங்கப்படுவது பெரும்பாலும் மெதோட்ரெக்சேட். உலகமெங்கும் இந்த நோய்க்கான சிகிச்சை இதைச் சுற்றித்தான் அமைகிறது. வாரத்தில் ஒரே ஒரு நாள், 7.5 மில்லிகிராமிலிருந்து 25 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள்.

வாரம் ஒருநாள் போட்டால் எப்படிப் போதும்? சாப்பிட்ட மருந்தின் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரகம் வழியாக ரத்தத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. ஆனால் அதற்குள் ஒரு பகுதி உயிரணுக்களுக்குள் புகுந்துவிடும். அங்கே அதன்மேல் குளூட்டமேட் என்ற மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து வால்போல் நீள்கின்றன. வால் நீண்டபின் மருந்து அணுவை விட்டு எளிதில் வெளியே வர முடியாது. இப்படி வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, போதிய இருப்பு ஆக இரண்டு மூன்று மாதம் பிடிக்கிறது. தொடக்கத்தில் பலன் தாமதமாவதற்கு இது முக்கியக் காரணம்.

நிறுத்தும்போதும் இதே கதை தலைகீழாக நடக்கும். மாத்திரையை விட்டதும் இருப்பு உடனே காலியாவதில்லை, பல வாரங்களில் மெல்லக் கரைகிறது. மோட்டாரை நிறுத்திய பிறகும் மேல்தொட்டியில் தண்ணீர் உள்ளவரை குழாயில் வருவதைப் போலத்தான். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் இப்படியே, உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 40 நாள் ஆகும்.

நிறுத்திய முதல் மாதம் ஏன் சுகமாகக் கழிகிறது என்பதற்கு விடை இதுதான். அந்த நாட்களிலும் உங்களைக் காப்பது முன்பு சாப்பிட்ட மாத்திரையே. "நிறுத்திப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல, அப்போ மாத்திரை தேவையில்ல" என்று அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு, இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை வைத்து எடுக்கும் முடிவு.

ஒருவருடைய இருபது மாதம்

பொதுவாக நடப்பதை வைத்து ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் வேலை பார்க்கும் 44 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம்.

தொடக்கம். காலையில் இரண்டு மணி நேரம் விறைப்பு. முந்திரிக்கொட்டையைப் பிடித்து வைத்துக் கட்டையால் தட்ட, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. இரண்டு கையிலும் விரல் அடிக் கணுக்களில் வீக்கம். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளில் இ.எஸ்.ஆர். 68, சி.ஆர்.பி. 42. முடக்குவாதத்தைக் கிட்டத்தட்ட உறுதிசெய்யும் ஆன்டி-சி.சி.பி. பாசிட்டிவ். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது. மெதோட்ரெக்சேட் வாரம் 15 மில்லிகிராம், அதன் பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் ஆசிட், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், இரண்டு மாதத்துக்கு மட்டும் குறைந்த அளவு பிரெட்னிசோலோன் எழுதப்படுகின்றன.

நான்காம் மாதம். விறைப்பு பத்து நிமிடம். சி.ஆர்.பி. 4. ஸ்டீராய்டு நின்றுவிட்டது.

ஒன்பதாம் மாதம். வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. வேலைக்குப் போகிறார். பக்கத்தில் உட்கார்ந்து உடைப்பவர், "ஏன்க்கா, வலிதான் இல்லியே. அந்த மாத்திரை ரொம்ப சூடு, கிட்னி போயிடும்" என்கிறார். ஜிப்மருக்குப் போனால் ஒருநாள் கூலியும் போகிறது. நிறுத்திவிடுகிறார்.

நிறுத்திய நான்காம் வாரம். ஒன்றும் இல்லை. மாத்திரை விட்டதால் வாய்க்குமட்டலும் போய்விட்டது. நல்ல முடிவு என்றே தோன்றுகிறது.

ஏழாம் வாரம். காலையில் இருபது நிமிட விறைப்பு. "வேலை அதிகம், அதான்."

பத்தாம் வாரம். இரண்டு கணுக்கள் வீங்குகின்றன. மெடிக்கலில் வாங்கிய செட் மாத்திரையில் வலி அடங்குகிறது. வேலை நடக்கிறது. தேவைப்படும் போதெல்லாம் வாங்கிச் சாப்பிடுகிறார். ஐந்தாறு மாதம் இப்படியே போகிறது.

நிறுத்தி எட்டு மாதம் கழித்து செட் மாத்திரைக்கும் அடங்காத வலியோடு மருத்துவமனைக்குத் திரும்புகிறார். புதிய எக்ஸ்ரேயில் ஆள்காட்டி விரல் அடிக் கணுவின் ஓரத்தில் எலும்பு அரித்த தடம். மெதோட்ரெக்சேட்டை மறுபடி தொடங்குகிறார்கள். மேலும் இரண்டு மூன்று மாதக் காத்திருப்பில் வலியும் வீக்கமும் அடங்குகின்றன. அரித்த தடம் அப்படியே இருக்கிறது. அந்த விரலின் பிடிப்பு முன்போல் இல்லை.

இங்கே வலி இரண்டு முறை போயிருப்பதைக் கவனியுங்கள். ஒன்பதாம் மாதத்தில் அழற்சி அடங்கியதால் போனது. செட் மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் போனதோ மூடி மறைத்ததால். நோயாளிக்கு இரண்டும் ஒரே மாதிரி சுகம்தான். எலும்புக்கு அப்படியில்லை.

வலி போனது தீர்ந்தது ஆகாதா?

முடக்குவாதம் இப்போதைக்கு முற்றாகத் தீரும் நோய் அல்ல, அடக்கி வைக்கக்கூடிய நோய். மூட்டைத் தாக்கப் பழகிய எதிர்ப்பு அணுக்களுக்கு நினைவு உண்டு. அம்மை ஊசியை நெடுநாள் நினைவில் வைத்துக் காப்பதும் இதே தன்மைதான். இங்கே அதுவே பாதகமாகிறது. ஆன்டி-சி.சி.பி. என்னும் எதிர்ப்புப் பொருள், நோய் தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சிலருடைய ரத்தத்தில் இருக்கும். வலி போன பிறகும் பலருக்கு அது அங்கேயே இருக்கும். 'நெகட்டிவ் ஆகிவிட்டதா' என்று திரும்பத் திரும்பக் காசு செலவழித்துப் பார்ப்பதில் பெரும்பாலும் பயனில்லை.

வெளியே வீக்கமே இல்லாத மூட்டை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் சிலருக்குச் சவ்வில் அழற்சி இன்னும் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். கையால் தொட்டால் தெரியாத அந்த அழற்சி இருப்பவர்களுக்கே பின்னாளில் எலும்பு அரிப்பும் நோய்த் திரும்பலும் அதிகம்.

அடங்கிய பிறகு மருந்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று நார்வேயில் ஓர் ஆய்வு நடந்து 2021-இல் வெளியானது. குறைந்தது ஓராண்டாக நோய் அடங்கி, ஒரு மூட்டிலும் வீக்கம் இல்லாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் அதே அளவில் தொடர்ந்தார்கள், மற்றவர்களுக்கு அளவு பாதியாக்கப்பட்டது. பன்னிரண்டு மாதத்தில், தொடர்ந்தவர்களில் 100-க்கு 6 பேருக்கு நோய் திரும்பியது. பாதியாக்கியவர்களில் 100-க்கு 25 பேருக்கு. இது முழுவதும் நிறுத்தியதன் கணக்கல்ல, பாதியாகக் குறைத்ததன் கணக்கு. அதேசமயம் பாதியாக்கியும் நால்வரில் மூவர் நன்றாக இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆகவே குறைக்கவே கூடாது என்பதில்லை. யாருக்குக் குறைக்கலாம் என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல வழியில்லாததால், கண்காணிப்போடு குறைக்க வேண்டும்.

குறைப்பது எப்படி நடக்கும்

1. குறைந்தது ஆறு மாதம், பல மருத்துவர்கள் கணக்கில் ஓராண்டு, நோய் அடங்கியே இருக்க வேண்டும். அடங்கியதா என்பதை வலியை மட்டும் கேட்டு முடிவு செய்வதில்லை. இரு கைகள், தோள், முழங்கால் என 28 மூட்டுகளை அழுத்தி வலியையும் வீக்கத்தையும் எண்ணி, இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி.யைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

2. முதலில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் முற்றிலும் நிற்க வேண்டும். அவற்றின் துணையோடு கிடைத்த சுகம் இந்தக் கணக்கில் சேராது.

3. பிறகு மெதோட்ரெக்சேட் போன்றவற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று மாதம் காத்திருந்து பார்ப்பார்கள். காரணம் மேலே பார்த்த இருப்புதான். குறைத்ததன் விளைவு தெரியவே அத்தனை நாள் ஆகும்.

பலருக்கு இது குறைந்த அளவில் நெடுநாள் தொடர்வதில் வந்து நிற்கும். முழுவதும் நிறுத்தி நலமாக இருப்பவர்கள் சிலர் உண்டு. ஆன்டி-சி.சி.பி. பாசிட்டிவாக உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

"கேன்சர் மாத்திரை", "கிட்னி போயிடும்"

இந்த இரண்டு பயமும் காரணமில்லாமல் வந்தவை அல்ல. மெதோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் பயன்படும் மருந்துதான். அங்கே சில சிகிச்சைகளில் கிராம் கணக்கில் ரத்தநாளம் வழியாக ஏற்றுவார்கள். இங்கே வாரத்துக்குச் சில மில்லிகிராம். அந்த அளவில் அது அணுக்களைக் கொல்வதற்காக அல்ல, அழற்சியைத் தணிப்பதற்காகவே தரப்படுகிறது.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, நீண்டநாள் சாப்பிட்டால் அதிகம் கெடுப்பது வலி மாத்திரைகள்தான். இந்தக் குறைந்த அளவு மெதோட்ரெக்சேட் சிறுநீரகத்தைப் பொதுவாகக் கெடுப்பதில்லை. ஆனால் அது சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் மருந்து உள்ளே தங்கி நஞ்சாகும். அதனால்தான் கிரியேட்டினின் பார்க்கச் சொல்கிறார்கள். இதன் உண்மையான தொல்லைகள் கல்லீரலிலும் ரத்த அணுக்களிலும் வரலாம். தொடக்கத்தில் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், அளவு நிலைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிட்டால், பெரும்பாலான கோளாறுகளை உடம்பில் தெரியும் முன்பே பிடித்துவிடலாம். மதுப் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கல்லீரலுக்கு இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுபவர்களுக்குத் தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனையும், ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனையும் வேண்டும்.

மிக ஆபத்தான தவறு: தினமும் சாப்பிடுவது

மாத்திரையை விடுவதைவிட உடனடி ஆபத்து இது. மெதோட்ரெக்சேட்டும் ஃபோலிக் ஆசிட்டும் பெரும்பாலும் சிறிய மஞ்சள் மாத்திரைகளாகவே இருக்கும். அட்டையிலிருந்து பிரித்துக் கையில் வைத்தால் படித்தவர்களுக்கே வேறுபாடு தெரியாது. ஃபோலிக் ஆசிட்டுக்குப் பதிலாக மெதோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிரிழந்தவர்கள் உலகமெங்கும் உண்டு.

வாய் முழுக்கப் புண், விழுங்க முடியாமை, காய்ச்சல், காரணமில்லாமல் தோலில் ரத்தக் கன்றல். இவை வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. அன்றே அட்டையோடு பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நஞ்சை முறிக்கும் மருந்து இருக்கிறது. சீக்கிரம் போனால்தான் பயன்.

வாங்கியதும் மெதோட்ரெக்சேட் அட்டையின் மேல் பேனாவால் 'ஞாயிறு மட்டும்' என்றோ உங்களுக்குச் சொன்ன கிழமையையோ பெரிதாக எழுதிவிடுங்கள். பெட்டிக்கடைச் சில்லறை டப்பாவில் மாத்திரைகளைக் கலந்து போடாதீர்கள். ஒரு வாரம் மறந்தால் இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் போடலாம். அதற்குமேல் போனால் விட்டுவிட்டு அடுத்த முறைக்கான நாளில் வழக்கமான அளவு மட்டும். இரட்டிப்பாக ஒருபோதும் வேண்டாம்.

உண்மையிலேயே நிறுத்த வேண்டிய நேரங்கள்

1. ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் அளவுக்குக் காய்ச்சல், சளி, சிறுநீர்த் தொற்று வந்தால், சரியாகும் வரை அந்த வாரத்து மெதோட்ரெக்சேட்டைத் தள்ளி வைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கோ-ட்ரைமோக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இதோடு சேர்ந்தால் ரத்த அணுக்கள் சரியும். எந்த மருத்துவர் எந்த மருந்து எழுதினாலும் 'வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன்' என்று சொல்லிவிடுங்கள்.

2. வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றினால்.

3. மஞ்சள்காமாலை, அல்லது புதிதாக வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் உடனே.

4. பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிட்டால் முன்கூட்டியே. பொதுவாக மூன்று மாதம் முன்பே மெதோட்ரெக்சேட்டை நிறுத்தி, கர்ப்பத்திலும் சாப்பிடக்கூடிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அல்லது சல்ஃபாசலசினுக்கு மாற்றுவார்கள். லெஃப்ளுனோமைட்டுக்குத் தனி ஏற்பாடு தேவை.

பல் பிடுங்குவதற்கும் பெரும்பாலான அறுவைச் சிகிச்சைகளுக்கும் மெதோட்ரெக்சேட்டை நிறுத்தத் தேவையில்லை. பலர் தேவையில்லாமல் விடுவது இங்கேதான். ஒருமுறை நிறுத்தச் சொன்னதை நிரந்தரமாக நிறுத்தியதாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்று சீட்டிலேயே தேதி எழுதி வாங்குங்கள்.

கடலூர், புதுச்சேரிக் கடற்கரையில் மாத்திரை தவறிப்போக இன்னொரு காரணமும் சேர்கிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் நேராக இங்கேதான் கரை ஏறின. சாலையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டால் அடுத்த சீட்டு கைக்கு வர வாரங்கள் ஆகலாம். மாத்திரையின் இருப்பு உடம்பில் உள்ளதால் ஒரு வாரம் தவறுவது பெரிய கேடு அல்ல, இரண்டு மாதம் தவறுவதுதான் கேடு. ஐப்பசி பிறக்கும் முன்பே நான்கு வார மாத்திரையைக் கூடுதலாக வாங்கி, நீர் புகாத பையில் நோயாளிச் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.